கடல்நீரின் பூர்வீகம்

பூமியின் பரப்பில் நூற்றுக்கு எழுபத்தொரு பங்கைக் கடல் மூடியிருக்கிறது. அதன் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர். அதிலுள்ள நீரின் கன அளவு சுமார் 133 கோடி கன கிலோமீட்டர். இவ்வெண்களைக் கேட்டதும் நமது கிரகமே நீரால் ஆனது என்று தோன்றும். ஆனால் பூமியை ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையாகச் சுருக்கிப் பார்த்தால், அதன்மேல் கடலின் ஆழம் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் அவ்வளவு நீர் படிந்துவிடும். எடையைக் கொண்டு சொன்னால், பூமியின் மொத்த எடையில் கடல் ஏறத்தாழ நாலாயிரத்து நானூறில் ஒரு பங்கேயாகும். அதாவது நூற்றுக்கு 0.023 பங்கு.

இச்சிறு பங்கு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதற்கு இருவகை விடைகள் கூறப்பட்டு வருகின்றன. சூரியனிடமிருந்து வெகு தொலைவில் உறைந்து கிடந்த சிறுகோள்களும் வால் நட்சத்திரங்களும் பூமியின்மீது மோதி நீரைக் கொணர்ந்தன என்பது ஒன்று. பூமி எந்தக் கற்களால் உருவாயிற்றோ அந்தக் கற்களுக்குள்ளேயே நீருக்கு வேண்டிய பொருள் அடங்கியிருந்தது, பின்னர் அது வெளிப்பட்டது என்பது மற்றொன்று. முதலாவது விடை உண்மையாயின், கடல் என்பது பூமிக்குக் கிடைத்த வரவு. இரண்டாவது உண்மையாயின், அது பூமியின் பிறவிச் சொத்து. இவ்விரண்டில் எது சரி என்பதைப் பொறுத்து, வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கற்கோளங்களில் கடல் இருப்பது இயல்பான செய்தியா, அல்லது அரிய தற்செயலா என்பதும் மாறுகிறது.

வெளியிலிருந்து வந்தது என்ற கருத்து ஏன் எழுந்தது

சூரியனும் கிரகங்களும் வாயுவும் தூசியும் கலந்த பெரியதொரு தட்டிலிருந்து, சுமார் 457 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றின. அத்தட்டின் உட்பகுதி மிகவும் வெப்பமாயிருந்தது. இன்று செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சிறுகோள்கள் சுற்றும் வட்டாரத்தில் எங்கோ ஓரிடத்தில்தான் நீராவி பனிக்கட்டியாக உறையத் தக்க குளிர் தொடங்கியது. அந்த எல்லைக்கு உள்ளே, பூமி உருவான இடத்தில், நீர் வெறும் ஆவியாகவே மிதந்திருக்கும். தூசியுடன் சேர்ந்து கல்லாகத் திரண்டிருக்க முடியாது. ஆகவே பூமி உலர்ந்த செங்கற்களால் கட்டப்பட்ட வீடு என்றும், நீர் பிற்பாடு குடங்களில் கொண்டுவரப்பட்டது என்றும் விஞ்ஞானிகள் கருதியது நியாயமே.

எனினும் நீர் பூமிக்குள்ளிருந்தே வந்தது என்னும் கருத்தும் புதியதன்று. அமெரிக்கப் புவியியல் அறிஞர் வில்லியம் ரூபி 1951-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எரிமலைகளும் வெந்நீர் ஊற்றுகளும் காலங்காலமாக வெளியிட்டுவந்த ஆவியே திரண்டு கடலாயிற்று என்று வாதித்தார். ஆனால் அந்த நீர் பூமிக்குள் எப்படிப் புகுந்தது என்ற கேள்வி அப்பொழுதும் நின்றது. உள்ளேயிருந்து வந்தது என்பது வழியைச் சொல்லுகிறதே அன்றி, பிறப்பிடத்தைச் சொல்லவில்லை.

பிறப்பிடத்தைக் காட்டும் அடையாளம்

ஒரு குடம் நீரைப் பார்த்து அது எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் நீரின் அணுக்களில் ஓர் அடையாளம் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் கருவில் ஒரே ஒரு புரோட்டான் உண்டு. மிகச் சிலவற்றின் கருவில் புரோட்டானுடன் ஒரு நியூட்ரானும் சேர்ந்திருக்கும். இவ்வகை அணு ஏறக்குறைய இருமடங்கு எடையுள்ளது. இதை டியூட்டீரியம் அல்லது கன ஹைட்ரஜன் என்பர். ஹெரால்டு யூரி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1931-ஆம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்து, 1934-இல் நோபெல் பரிசு பெற்றார். அணு உலைகளில் பயன்படும் கனநீர் இவ்வணுக்களால் ஆனது. நமது நாட்டின் முதல் கனநீர் ஆலை 1962-ஆம் ஆண்டில் பஞ்சாபிலுள்ள நங்கலில் இயங்கத் தொடங்கியது. சாதாரண நீரில் மிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் கன ஹைட்ரஜனைப் பிரித்துத் திரட்டுவதே அதன் வேலையாயிருந்தது.

அந்தச் சொற்ப அளவு எவ்வளவு? கடல்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் பத்து லட்சத்துக்கு 156 கன ஹைட்ரஜன். சூரியன் தோன்றிய ஆதி வாயுவில் இது பத்து லட்சத்துக்கு 20 முதல் 25 வரையே இருந்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் குளிர். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் கன ஹைட்ரஜன் வாயுவாக அலைவதைவிட நீர் மூலக்கூறில் பிணைந்திருப்பதையே விரும்புகிறது. ஆகையால் நட்சத்திரங்களிடைக் குளிர்வெளியில் உருவான பனியில் கன ஹைட்ரஜன் ஏராளம்; சூரியனுக்கு அருகே சூடாகி, ஆதி வாயுவுடன் கலந்து மாற்றம் பெற்ற நீரில் அது குறைவு. ஒரு பொருளிலுள்ள இவ்விகிதத்தை அளந்தால், அதன் நீர் எவ்வளவு குளிரான இடத்திலிருந்து வந்தது என்று ஒருவாறு ஊகிக்கலாம்.

எனவே ஆராய்ச்சியின் முறை எளிதாகச் சொல்லத்தக்கது: 156 என்ற எண்ணுக்கு ஒத்த பொருள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

வால் நட்சத்திரங்களின் சாட்சியம்

வால் நட்சத்திரங்களில் பனி ஏராளமாதலால் முதலில் ஐயத்துக்கு ஆளானவை அவையே. 1986-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹாலி வால் நட்சத்திரத்தை ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலம் நெருங்கிச் சென்று அதன் ஆவியை ஆராய்ந்தது. கிடைத்த விகிதம் பத்து லட்சத்துக்குச் சுமார் 310; அதாவது கடலின் அளவைப்போல் இருமடங்கு. 1996-இல் தோன்றிய ஹியாகுடாகேயும் 1997-இல் தோன்றிய ஹேல்-பாப்பும் ஏறக்குறைய அதே அளவைக் காட்டின. வால் நட்சத்திரங்கள் கடலைத் தரவில்லை என்று பலர் முடிவு செய்துவிட்டனர்.

ஆனால் 2010-ஆம் ஆண்டில் ஹெர்ஷல் என்ற விண்வெளித் தொலைநோக்கி ஹார்ட்லி-2 என்னும் சிறிய வால் நட்சத்திரத்தை நோக்கியபோது, பத்து லட்சத்துக்கு 161 என்ற அளவு கிடைத்தது. இது கடலின் அளவோடு பொருந்துகிறது. முடிவு தலைகீழாயிற்று. பிறகு 2014-இல் ரோசெட்டா விண்கலம் சூர்யுமோவ்-ஜெராசிமென்கோ வால் நட்சத்திரத்தை அடைந்து, அதன் அருகிலேயே சஞ்சரித்து அளந்தது. விகிதம் 530. அதுவரை அளக்கப்பட்டவற்றில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. மறுபடியும் முடிவு மாறியது. 2018 டிசம்பரில், விமானத்தில் பொருத்திய சோபியா என்ற தொலைநோக்கி விர்டானன் வால் நட்சத்திரத்தில் மீண்டும் கடலுக்கு ஒத்த அளவைக் கண்டது.

இப்படி ஒன்றுக்கொன்று முரணான சாட்சியங்களைக் கேட்டவுடன் சாட்சிகளின்மேல் ஐயம் கொள்வது இயற்கை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது அளவை எங்கே நின்று எடுத்தார்கள் என்பது. ரோசெட்டா எடுத்த பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட அளவீடுகளைக் கேத்லீன் மேண்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் மறுபடி ஆராய்ந்து 2024-இல் ஒரு விளக்கம் வெளியிட்டனர். கன ஹைட்ரஜன் சேர்ந்த நீர் தூசித் துகள்களை விடாமல் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. வால் நட்சத்திரத்திலிருந்து தூசி எழும்பி வெயிலில் காயும்போது, அந்தத் துகள்கள் இந்தக் கனமான நீரை வெளிவிடுகின்றன. ஆகவே உட்கருவின் அருகே, தூசி நிறைந்த இடத்தில் எடுத்த அளவு மிகையாகத் தோன்றும். சுமார் 120 கிலோமீட்டருக்கு அப்பால், தூசி உலர்ந்துவிட்ட இடத்தில் அளந்தால் விகிதம் வெகுவாகக் குறைகிறது. குறைந்தும் கடலின் அளவைவிட அதிகமாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வால் நட்சத்திரங்களைப் பற்றி இன்னொரு சாட்சியம் உண்டு. என் எண்ணத்தில் அதுவே அதிக வலிமையுள்ளது. அதே ரோசெட்டா செனான் என்ற மந்தவாயுவையும் அளந்தது. பூமியின் காற்றிலுள்ள செனானில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வால் நட்சத்திரங்களிலிருந்து வந்ததாக 2017-இல் கணக்கிடப்பட்டது. வால் நட்சத்திரங்கள் நம்மீது மோதியது உண்மை என்பதற்கு இது சான்று. ஆனால் வால் நட்சத்திரங்களில் இவ்வாயுக்கள் நீரோடு ஒப்பிடுகையில் மிகச் செழிப்பாக உள்ளன. அவ்வளவு செனானைத் தருவதற்கு வேண்டிய வால் நட்சத்திரங்கள் தந்திருக்கக்கூடிய நீர், கடலின் நீரில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே முடிகிறது. கடல் முழுவதையும் அவையே தந்திருந்தால், நமது காற்று மந்தவாயுக்களால் நிரம்பி வேறுவிதமாக இருந்திருக்கும்.

கரிய விண்கற்கள்

அடுத்துக் கவனம் சிறுகோள்களுக்குத் திரும்பியது. சிறுகோள்களின் துண்டுகள் விண்கற்களாகப் பூமியில் விழுகின்றன. அவற்றில் கார்பன் நிறைந்த கரிய வகை ஒன்று உண்டு. 1864-இல் பிரான்சு நாட்டில் ஒர்குவேல் என்ற ஊரில் விழுந்ததும், 1969-இல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசனில் விழுந்ததும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் நீர் திரவமாக இல்லை. களிமண் போன்ற கனிமங்களின் படிகங்களில் பிணைந்திருக்கிறது. மர்ச்சிசன் போன்ற கல்லில் அது நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் உண்டு. இவற்றின் கன ஹைட்ரஜன் விகிதமும் கடலின் அளவுக்கு அருகில் அமைந்துள்ளது. 2021 பிப்ரவரி 28-ஆம் நாள் இங்கிலாந்தில் வின்ச்கோம்பில் விழுந்த கல் சில மணி நேரத்துக்குள் திரட்டப்பட்டது; மழை ஈரம் படாத அக்கல்லின் நீரும் கடல்நீரை ஒத்திருந்தது.

அளவுக் கணக்கும் இடங்கொடுக்கிறது. பூமியின் இரும்பு மையத்தில் அமிழ்ந்து பிரிந்த பிறகு, பூமியின் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுள்ள பொருள் கடைசியாக வந்து சேர்ந்தது என்று புவியியலார் கருதுகின்றனர். தங்கம், பிளாட்டினம் முதலியவை இரும்போடு சேர்ந்து மையத்துக்குப் போய்விடும் இயல்புடையவை. ஆயினும் அவை பாறையில் இன்னும் சிறிது கிடைப்பதே இக்கருத்துக்கு ஆதாரம். அந்த அரைப் பங்கு முழுவதும் கரிய விண்கல்லாக இருந்து, அதில் பத்திலொரு பங்கு நீராக இருந்தால், வரும் நீர் பூமியின் எடையில் 0.05 விழுக்காடு, அதாவது இரண்டு கடல்கள். இவ்வளவு அழகாகக் கணக்கு ஒத்துவருவதைக் கண்டு பலர் திருப்தியடைந்தனர்.

ஆனால் 2017-இல் ருத்தீனியம் என்ற உலோகத்தின் ஐசோடோப்புகளை அளந்தபோது, கடைசியாக வந்து சேர்ந்த பொருள் கரிய வகையன்று, சூரியனுக்கு அருகில் உருவான வகையே என்று தெரியவந்தது. நீர் கரிய கல்லோடு வந்திருந்தால் ருத்தீனியமும் அக்கல்லின் அடையாளத்தோடே வந்திருக்க வேண்டும். இந்த ஒரு சான்றே வழக்கைத் தீர்த்துவிடாது. கரிய கற்கள் முன்னதாகவே வந்து கலந்திருக்கலாம். ஆயினும் கணக்கின் அழகு குலைந்துவிட்டது.

உலர்ந்த கல் உலர்ந்ததா?

பூமியின் ஆக்ஸிஜன், டைட்டானியம், கால்சியம், குரோமியம் ஆகிய மூலகங்களின் ஐசோடோப்பு விகிதங்களை எந்த விண்கல்லோடு ஒப்பிட்டாலும், மிக நெருக்கமாகப் பொருந்துவது என்ஸ்டடைட் காண்டிரைட் என்னும் வகையே. என்ஸ்டடைட் என்பது மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த ஒரு கனிமம். இக்கற்கள் சூரியனுக்கு அருகில், ஆக்ஸிஜன் பற்றாக்குறையான சூழலில் உருவானவை. அவற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் உலோகமாகவே இருக்கும், கந்தகம் மக்னீசியத்துடனும் கால்சியத்துடனுங்கூடச் சேர்ந்திருக்கும். பூமி பெரும்பாலும் இத்தகைய கற்களால் கட்டப்பட்டது என்று சொல்லத் தடையாக நின்றது ஒன்றே: இவை முற்றிலும் வறண்டவை என்ற நம்பிக்கை. நீர்க் கனிமங்கள் எவையும் அவற்றில் காணப்படவில்லை. ஆகவே நீரை அளந்து பார்க்கவும் பலர் முற்படவில்லை.

2020-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நான்சி நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லோரெட் பியானியும் அவருடைய கூட்டாளிகளும் இவ்வகையைச் சேர்ந்த பதின்மூன்று கற்களை அளந்து முடிவை வெளியிட்டனர். அவர்கள் தேடியது நீரையன்று, ஹைட்ரஜனை. ஆக்ஸிஜன் பூமியின் பாறைகளில் தாராளமாக இருக்கிறது. ஹைட்ரஜன் கிடைத்துவிட்டால் நீர் உண்டாவதற்கு வேறு தடையில்லை. நீரின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கே ஹைட்ரஜன் என்பதையும் நினைவில் கொள்க.

இவ்வளவில் மிகவும் எளிதாக நேரக்கூடிய பிழை, பூமியின் ஈரம். ஒரு விண்கல் தரையில் கிடக்கும் நாட்களில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதன் உலோகம் துருப்பிடிக்கும். துருவிலும் நீர் உண்டு. அதை அளந்துவிட்டு விண்வெளியின் நீர் என்று சொல்லுவது நகைப்புக்கிடமாகும். எனவே துண்டுகளை வெற்றிடத்தில் வைத்துச் சூடேற்றி, மேலே ஒட்டிய ஈரத்தை முதலில் போக்கினர். பின்பு எஞ்சியதை மிகுந்த வெப்பத்தில் சிதைத்து, வெளிப்பட்ட ஹைட்ரஜனை எடைபோட்டு, அதன் ஐசோடோப்பு விகிதத்தையும் அளந்தனர். இதோடு நில்லாமல், கல்லிலுள்ள நுண்ணிய உருண்டைகளுக்குள் இருக்கும் கண்ணாடியில் அயனிக்கற்றையைப் பாய்ச்சி, ஹைட்ரஜன் எங்கே தங்கியிருக்கிறது என்றும் பார்த்தனர்.

அதிகம் வெப்பத்துக்குள்ளாகாத கற்களில் கிடைத்த மிகக் குறைந்த அளவையே எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். நீராக மாற்றிச் சொன்னால் கல்லின் எடையில் நூற்றுக்கு 0.08 பங்கு. ஒரு கிலோ கல்லில் சுமார் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் என்று பொருள். இது கைக்கு ஒன்றும் தெரியாத அளவு; அக்கல்லைப் பிழிந்தாலும் ஈரம் வராது. ஆனால் பூமி முழுவதும் இத்தகைய கல்லாயிருந்தால் அதன் எடையில் 0.08 பங்கு நீராகும். கடலோ 0.023 பங்கு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. கடலைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட நீர், வறண்டது என்று ஒதுக்கப்பட்ட கல்லிலேயே இருந்திருக்கிறது.

அடையாள எண்ணும் ஒத்துவந்தது, ஆனால் கடலோடன்று. இக்கற்களின் விகிதம் பத்து லட்சத்துக்குச் சுமார் 140. இது கடலின் 156-ஐவிடக் குறைவு. பூமியின் ஓட்டுக்குக் கீழேயுள்ள மூடகப் பாறையிலுள்ள ஹைட்ரஜனின் அளவுக்கு அருகில் உள்ளது. அப்படியானால் கடல் சற்றே கனமாயிருப்பது ஏன்? வெளியிலிருந்து சிறிது கனமான நீர் வந்து கலந்திருக்க வேண்டும். எவ்வளவு கலந்தது என்பதைக் கணக்கிடலாம். ரோசெட்டா அளந்த 530 என்ற எண்ணையே வைத்துக்கொண்டால், 140-ஐ 156 ஆக்குவதற்கு, 390-க்கு 16 பங்கு, அதாவது நூற்றுக்கு நான்கு பங்கு வால்மீன் நீர் போதும். ஹாலியின் 310 என்ற எண்ணை வைத்துக்கொண்டால், 170-க்கு 16, ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது. எப்படிக் கணக்கிட்டாலும் பெரும்பங்கு உள்நாட்டுச் சரக்கே என்று வருகிறது. ஆனால் ரோசெட்டாவின் எண் தூசியால் மிகைப்பட்டது என்பது உறுதியானால் இந்தப் பங்கு ஓரளவு உயரும். மந்தவாயுக்களின் கணக்கோ அதை ஒரு பங்குக்குக் கீழே இழுக்கிறது. எஞ்சிய வேறுபாட்டைக் கரிய விண்கற்களுக்கு ஒதுக்குவோரும் உண்டு.

துருவா, பிறவியா?

பூமியின் ஈரம் என்ற ஐயம் 2020-க்குப் பிறகும் முற்றிலும் தீரவில்லை. 2025-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை வேறொரு வழியில் சோதித்தனர். அண்டார்க்டிகாவில் கண்டெடுக்கப்பட்ட LAR 12252 என்ற என்ஸ்டடைட் காண்டிரைட்டில் வலிமையான எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, கந்தகம் எந்த மூலகத்தோடு பிணைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். அவர்கள் கந்தகத்தை எதிர்பார்த்தது கல்லிலுள்ள உருண்டைகளுக்குள்ளே. தற்செயலாக ஓர் உருண்டைக்கு வெளியேயுள்ள நுண்தூள் பகுதியில் கதிர் விழ, அங்கே கந்தகத்தோடு சேர்ந்த ஹைட்ரஜன், அதாவது ஹைட்ரஜன் சல்பைடு, மிகுதியாகக் காணப்பட்டது. உருண்டைகளிலுள்ள கண்ணாடியைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இதில் தீர்மானமான பகுதி கண்டதன்று, காணாததே. கல்லில் விரிசல்களும் துருவும் உள்ள இடங்களில், பூமியின் ஈரம் புகுந்தது வெளிப்படையான இடங்களில், இந்த ஹைட்ரஜன் அநேகமாக இல்லை. ஹைட்ரஜன் பூமியிலிருந்து வந்திருந்தால் துருப்பிடித்த இடத்தில்தான் அது நிறைந்திருக்க வேண்டும். தூய இடத்தில் நிறைந்தும் துருவில் வறண்டும் இருப்பதால், அது கல்லின் பிறவிச் சொத்து என்ற முடிவுக்கு வந்தனர். ஒரே ஒரு கல்லில் செய்த சோதனை இது என்பதை மறக்கலாகாது.

கல்லிலிருந்து கடலுக்கு

கந்தகத்தோடும் கரிமப் பொருளோடும் பிணைந்த ஹைட்ரஜன் எவ்வாறு அலையடிக்கும் கடலாயிற்று? இளம் பூமி மோதல்களின் வெப்பத்தால் உருகிக் குழம்புக் கடலாயிருந்தது. அக்குழம்பில் ஹைட்ரஜன் அங்குள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராகிக் கரைந்தது. குழம்பு ஆறி இறுகும்போது படிகங்கள் நீரை ஏற்க மறுக்க, அது மிச்சக் குழம்பில் திரண்டு, ஆவியாகி மேலே வெளிப்பட்டது. பின்னர் ஆவி குளிர்ந்து மழையாகப் பொழிந்தது. இம்மாற்றம் மிக விரைவில் நிகழ்ந்திருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த சிர்க்கான் மணிகளில் மிகப் பழையதற்கு வயது 440 கோடி ஆண்டு. அம்மணிகளிலுள்ள ஆக்ஸிஜன், திரவ நீரோடு உறவாடிய பாறையின் தன்மையைக் காட்டுகிறது. பூமி பிறந்து இருபது கோடி ஆண்டுகளுக்குள்ளேயே தரையில் நீர் இருந்திருக்கிறது.

நீர் முழுவதும் வெளியே வந்துவிடவுமில்லை. பிரேசிலின் ஜுவீனா பகுதியில் கிடைத்த வைரமொன்றினுள் ரிங்வுடைட் என்னும் கனிமத்தின் துணுக்கு காணப்பட்டதென 2014-இல் அறிவிக்கப்பட்டது. 410 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்திலுள்ள அடுக்கில் உருவாகும் கனிமம் இது. அத்துணுக்கின் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நீராயிருந்தது. அவ்வடுக்கு முழுவதும் இவ்வாறே நனைந்துள்ளதென்று ஒரு துணுக்கைக் கொண்டு சொல்ல இயலாது. ஆனால் கடல் என்பது பூமியின் நீரில் ஒரு பகுதியே என்பது தெளிவு.

தீராத வழக்கு

உள்நாட்டுக் கொள்கைக்கு எதிரான கேள்விகளில் ஒன்று கன ஹைட்ரஜன் அடையாளத்தையே பற்றியது. இலேசான ஹைட்ரஜன் விண்வெளியில் எளிதில் தப்பியோடும், கனமானது பின்தங்கும். ஆகவே நீரை இழக்கும் கிரகத்தில் விகிதம் காலப்போக்கில் உயரும். வெள்ளியின் காற்றில் இன்று அது கடலின் அளவைப்போல் நூறு மடங்குக்கு மேல். ஒரு காலத்தில் அங்கிருந்த நீர் போய்விட்டதற்கு அது சான்று. பூமியும் ஆதியில் ஓரளவு ஹைட்ரஜனை இழந்திருந்தால், 156 என்பது பிறந்தபோதிருந்த எண்ணன்று. அப்பொழுது 140-க்கும் 156-க்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வால் நட்சத்திரத்தின் உதவியே தேவைப்படாமற்போகலாம்.

இதைவிடக் கடினமான எதிர்ப்பு 2023-இல் வந்தது. மேகன் நியூகோம்பும் கூட்டாளிகளும், ஒருமுறை உருகி மறுபடி இறுகிய விண்கற்கள் ஏழினை அளந்தனர். அவற்றில் நீர் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. சிறிய கோள்கள் ஆதியில் கதிரியக்க வெப்பத்தால் உருகின; உருகியபோது, சூரியனுக்கு அருகே உருவானவையாயினும் தொலைவில் உருவானவையாயினும், நீரை அனேகமாக முற்றிலும் இழந்தன. அப்படியானால் உருகாத கல்லே நீரைக் கொணர முடியும். பூமியைக் கட்டிய கற்களில் உருகாமல் எஞ்சியவை எத்தனை பங்கு என்பது இப்பொழுது வழக்கின் மையமாகிவிட்டது. முன்பு செய்த கணக்கில் பூமி முழுவதும் உருகாத என்ஸ்டடைட் காண்டிரைட் என்று கொண்டோம். அதில் கிடைத்த மூன்று கடல்களுக்கு மேற்பட்ட நீரில், கற்களில் மூன்றில் ஒரு பங்கேனும் உருகாமலிருந்தால் ஒரு கடலாவது மிஞ்சும். அதற்கும் குறைந்தால் வெளியிலிருந்து கடன் வாங்கியே ஆகவேண்டும்.

உருகிய என்ஸ்டடைட் கற்களுக்கு ஆப்ரைட் என்று பெயர். நமது நாட்டில் இவ்வகையில் இரண்டு கற்கள் விழுந்துள்ளன. 1852-இல் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பஸ்தியில் விழுந்தது ஒன்று. 2022 ஆகஸ்டு 17-ஆம் நாள் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் தியோதர் அருகே விழுந்தது மற்றொன்று. அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தினர் அதை ஆராய்ந்து, அதில் பத்துக்கு ஒன்பது பங்கு பைராக்சீன் இனக் கனிமம் என்று கண்டனர். என்ஸ்டடைட் இவ்வினத்தைச் சேர்ந்ததே. விழுந்தவுடன் எடுக்கப்பட்ட இத்தகைய கல்லில் ஹைட்ரஜன் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்தால், உருகும்போது ஒரு கல் எவ்வளவு இழக்கிறது என்பதைத் துருவின் தொல்லையின்றி அறியலாம்.